சாட்சிக் கையெழுத்து இல்லை

கஸ்பரின் வெள்ளைச் சட்டைக் கொலரை மூன்றாவது தரமாக அயன் செய்துகொண்டிருந்தாள் கிளறிற்றா. இறந்துபோன கணவருக்குப் போடும் உடுப்பை மத்தியானத்துக்குள் அடக்கச்சேவைக்காரரிடம் கொடுக்கவேண்டும். நாளைக்கு லண்டன் ரெய்னர்ஸ் லேன் கோயிலில் அடக்கப் பூசை.

கஸ்பரின் தம்பி கொட்வின் வந்து அரைமணித்தியாலம். இன்னும் கோட்டைக் கழற்றவில்லை.

“அண்ணி, இப்ப கேக்கிறது பிழைதான். வெள்ளிக்கிழமைக்கு முதல் பாங்குக்கு மறுமொழி சொல்லவேணும். புதுக் கடைக்கு நாப்பதாயிரம் பவுண் கடன். அண்ணை ஓமெண்டவர்.”

“ஓம், சொன்னவர்.”

“இப்ப வீடு உங்கட பேருக்குத்தானே வரும். கோயில் புத்தகத்தில கலியாணத்துக்குச் சாட்சி வைக்கிறமாதிரி, ஒரு கையெழுத்து.”

அவள் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கஸ்பருக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. மூன்று கிழமைக்கு முன் அவரைச் சக்கரநாற்காலியில் தள்ளிக்கொண்டு சட்டத்தரணியிடம் போனாள். வீட்டை ஈடு கேட்டதால் பாங்க் அனுப்பியது. அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை கஸ்பரை வெளியே இருத்திவிட்டு, அவளைத் தனியே வைத்துப் பிணைப் பத்திரத்தை விளங்கப்படுத்தி, விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொன்னது. அதை அவள் பஸ்ஸில் கஸ்பருக்கும் சொன்னாள். அவர், “அப்ப வேண்டாம். தம்பிக்கு நீர் சொல்லும். எனக்கு அவனைப் பாத்தால் வாய் வராது” என்றார். அவள் சொல்லுமுன், போன செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார்.

“தம்பி, அது சாட்சியில்லை. நீர் கட்டாட்டில் நான் கட்டுவன் எண்டு எழுதிக் குடுக்கிறது. பாங்க் உம்மட கடையை வித்துப் பாத்திட்டுத்தான் என்னட்ட வரவேணும் எண்டில்லை. நேர வரலாம். வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேரும். கொம்பனியை மூடினாலும் என்ர கையெழுத்து மூடாது. நான் செத்தாலும் இந்த வீட்டில பிடிப்பினம்.”

“நான் ஏமாத்துவனே?”

“நீர் ஏமாத்தமாட்டீர். உமக்கு வருத்தம் வரலாம், றோட்டைத் தோண்டி ஆறு மாசம் கடைக்கு ஆள் வராமல் போகலாம். பள்ளிக்கூடக் குசினிச் சம்பளத்தில நான் என்னத்தைக் கட்ட? நான் வைக்கேலாது. அண்ணையும் கடைசியில வேண்டாமெண்டுதான் சொன்னவர்.”

“அண்ணையோ?”

“உமக்குச் சொல்லப் பயந்தவர்.”

கொட்வின் குனிந்து கைகளைப் பார்த்தான். அவள் ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

“கடன் கிடைச்சால் கடைக்குப் பத்து வருச வாடகை ஒப்பந்தமும் வைக்கவேணும், அண்ணி, எனக்கே பயம்” என்றான் மெல்ல. “அண்ணைக்கு முன்னால பெரிசாக் கதைச்சிட்டன். பிறகு பின்வாங்க வெக்கமாக் கிடந்தது. ஒரு மாசமா நித்திரையில்லை.”

“விசரன்.”

“அண்ணையும் அப்பிடித்தான் சொல்லமாட்டாமல் கிடந்தவரோ?”

அவள் தலையாட்டினாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்காமல் கண்ணைத் துடைக்கவேண்டியிருந்தது.

பிறகு போனை எடுத்துப் பாங்குக்கு, பிணைக்கு ஆளில்லை, விண்ணப்பத்தை நிப்பாட்டுங்கோ என்று சொன்னான். வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான்.

“சாப்பிட என்ன கிடக்கு?”

அவள் பாணும் சம்பலும் எடுத்து வைத்தாள். அவன் நாலு துண்டு சாப்பிட்டான். ஐந்தாவதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவள் பக்கமாகத் தள்ளினான்.