ஒன்றும் அவசரமில்லை

அந்தக் குடியிருப்பு அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் ‘சுருக்கு’ என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாளைக்கு அறுபது எழுபது மனுக்கள் வரும். ஒவ்வொன்றையும் படித்து, கால் தாள் அளவுச் சீட்டில் சுருக்கி எழுதி, மனுவின் தலையில் குத்தி அதிகாரியின் மேசைக்கு அனுப்ப வேண்டும். அதிகாரி ஒரு மனுவுக்கு அரை நிமிடம் கொடுத்தால் பெரிய விஷயம். பெரும்பாலும் ஒரு காதில் போனும் ஒரு கையில் பேனாவுமாகவே படிப்பார்.

சீட்டில் நாலே இடங்கள்தான். கேட்பவர் யார், என்ன வேண்டும், ஏன், எதற்குள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவளாகப் போட்டுக்கொண்ட அமைப்பு அது. ‘என்ன வேண்டும்’ என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போடுவாள்.

எரிச்சல் பிடித்த வேலை. ஒரு அம்மாள் இரண்டு பக்கம் எழுதியிருப்பார். அதிகாரியின் நல்ல மனசு பற்றி ஒரு பக்கம், அவர் குடும்பம் தழைக்க வேண்டும் என்று அரைப் பக்கம், “ஏதோ எங்கள் வீட்டிலும் சிறு சிறு சங்கடங்கள்” என்று ஒரு வரி. அந்தச் சங்கடத்தை நோண்டினால், மேல்வீட்டுக் குழாய் உடைந்து கைக்குழந்தை படுக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. சுருக்கு எழுதுவாள்: ‘பதினாலாம் எண் வீட்டுக்கு இன்றே குழாய்க்காரரை அனுப்பவும்.’ ஆள் போய்விடும். இரண்டு பக்கம் செய்யாததை அந்த ஒரு வரி செய்துவிடும்.

“ஏங்க, இதை மொதல் வரியிலயே எழுதக் கூடாதா?” என்று கவுண்டரில் வந்து நிற்பவர்களிடம் எரிந்து விழுவாள்.

“அதெப்படிம்மா, எடுத்த எடுப்புல கேக்கறது. மரியாதையா இருக்காதே.”

“உங்க மரியாதைய அவர் படிக்கறதில்ல. உங்க வீட்டு நம்பரத்தான் தேடுறார். மரியாதைய கடைசியில வைங்க, ஒரு வரி போதும்.”

வாய் நீளம் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயரை அவள் துடைத்தெறிய நினைத்ததே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து கேட்டுக் கேட்டு என்ன கிடைத்தது என்ற கோபம் அவளுக்குள் எப்போதும் கனன்றது. குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அந்தப் பட்டமே கிட்டத்தட்டக் கைநழுவிப் போயிருக்கும், அப்பாவின் பணிவால்.

அப்பாவுக்குக் குளிர்கிடங்கில் வேலை. உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கும் ஐஸ் ரூமில் பத்தொன்பது வருடம். எட்டாவது வரைதான் படிப்பு, ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது விடுதியில் இடம் கேட்டு அவரே கடிதம் எழுதினார். கல்லூரியின் புகழ், முதல்வரின் பெருந்தன்மை, தன் மகளின் பாக்கியம். விடுதி என்ற சொல்லே அதில் இல்லை. “தங்குவதற்கான விஷயங்களில் தங்கள் சித்தப்படி” என்று முடித்திருந்தார். கல்லூரியிலிருந்து ‘வாழ்த்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. முதல் வருடம் முழுக்க அவள் தினம் மூன்று பஸ் மாறிப் போனாள். ஒரு நாள் கோபத்தில் அந்தக் கடிதத்தின் நகலை அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டாள்.

“இது லெட்டர் இல்லப்பா. கும்பிடு. கும்பிடுக்கு யார் பதில் போடுவா?”

அவர் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். அதன் பிறகு எதை எழுதினாலும் அவளிடம் காட்டுவதில்லை.

போன மாதம் ஒரு காலை. பஸ்ஸுக்கு எட்டு நிமிடம் இருந்தது. அவள் வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பா வாசற்படியில் நின்றார். கையில் பழுப்பு உறை.

“அம்மாடி, உனக்கு நேரம் இருக்கறப்ப ஒரு பேப்பர் இருக்கு. சும்மா ஒரு பார்வை. ஒண்ணும் அவசரமில்ல.”

“என்ன பேப்பர்?”

“அது ஒண்ணும் பெருசா இல்ல. நம்ம கம்பெனி விஷயந்தான்.”

“ஞாயித்துக்கிழம பாக்கலாம்ப்பா.”

“ஆமாமா. அவசரமே இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை அவள் பத்து மணி வரை தூங்கினாள். எழுந்து வந்தபோது அப்பா வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “கேட்டுல வண்டி நம்பர் எழுதறவரு ரிட்டயர் ஆகறாராம். நல்ல வேல அது. உக்காந்த எடத்துல, வெயில் பாத்த மாதிரி” என்றார்.

“அப்படியா” என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனாள். உறை மேசை மேல்தான் இருந்தது. அதன் மேல் காபி டம்ளரை வைத்தது அவள்தான்.

அடுத்த புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. அப்பா ஐஸ் ரூமில் பெட்டி தூக்கும்போது விழுந்துவிட்டார். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவருடைய சாமான்களை வாங்க அவள் கம்பெனிக்குப் போனது பதினெட்டாம் நாள். கம்பளித் தொப்பி, கையுறை, மூடி தொலைந்த தண்ணீர் பாட்டில். கூட வேலை பார்த்தவர் ஒருவர் அவற்றைப் பையில் போட்டுக் கொடுத்தார். காதுவரை இழுத்துவிட்ட தொப்பியை வெளியில் வந்தாலும் கழற்றாததால் அவருக்குப் பெயரே ‘தொப்பி’. அப்பா வாயில் அந்தப் பெயரை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள்.

மேனேஜர் அறைக்குப் போகும் வழியில் அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் அப்பாவின் கையெழுத்து.

‘மூத்த தொழிலாளியின் நன்றிக் கடிதம்’ என்று மேலே சிவப்பு மையில் தலைப்பு. கீழே முதல் பக்கம் மட்டும் குத்தியிருந்தது. “தங்கள் நிழலில் பத்தொன்பது ஆண்டுகள் கழித்த பேறு பெற்றவன்…”

“இது எப்ப வந்துச்சு?” என்று மேனேஜரிடம் கேட்டாள்.

அவர் கெட்ட மனிதரில்லை. எழுந்து நின்றுதான் பேசினார். “அவர் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி குடுத்தாரு. திங்கக்கெழம. மனசுக்கு சந்தோஷமா இருந்துச்சும்மா. அதான் போர்டுல போடச் சொன்னேன்.”

“மிச்சப் பக்கம் எங்க?”

ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று பக்கக் கடிதம். அவள் கண் தன் தொழில் பழக்கப்படி ஓடியது. இரண்டாம் பக்கத்தில் கம்பெனியின் வளர்ச்சி. மூன்றாம் பக்கத்தில் வானிலை, வயது. கடைசிக்கு முந்தைய வரியில்: “வாசலருகே உள்ள பணிகளும் மேன்மையானவையே என்று சில வேளை தோன்றுவதுண்டு, உடல் முன்போல் ஒத்துழைக்காத நிலையில் தங்கள் கருணையே துணை.” அதன் பின்னால், நாலாக மடித்துக் குத்தப்பட்டு, யாரும் பிரிக்காத ஒரு மருத்துவச் சீட்டு. இருதய ரத்த ஓட்டம் குறைவு. குளிரில் வேலை செய்யக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது.

“இதப் படிச்சீங்களா?”

மேனேஜர் அந்தச் சீட்டை வாங்கினார். இரண்டு தடவை படித்தார். “இல்லம்மா. மொத பக்கம் பாத்தேன். நன்றிக் கடுதாசின்னு நெனச்சேன். கேட்டுக்கு ஆள் நானும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தார்னா அன்னிக்கே மாத்தியிருப்பேன். என் ஒரு கையெழுத்துதானே.”

“கேட்டிருக்காரு. இதோ இருக்கு.”

“இதுல எங்கம்மா கேட்டிருக்காரு?”

அவரைக் கிழித்துத் தோரணம் கட்ட அவளிடம் வார்த்தைகள் தயாராக இருந்தன. மூன்று பக்கம் படிக்க நேரமில்லாத உனக்கெல்லாம் எதற்கு நாற்காலி என்று கேட்டிருப்பாள். வாய் திறந்தபோது கடிதத்தின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. மூலையில் வட்டமாகக் காபிக் கறை.

அவள் பக்கங்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கேட் வரை தொப்பி கூடவே வந்தார். அங்கே வண்டி நம்பர் எழுதும் கூண்டில் நாற்காலி காலியாகக் கிடந்தது. வெயில் அதன் மேல் விழுந்திருந்தது.

“உங்கிட்டக் காட்டிட்டுக் குடுக்கணும்னு வச்சிருந்தாரும்மா. நான்தான் கேட்டேன், ஏன்யா இன்னும் குடுக்கலைன்னு. பொண்ணுக்கு வேல ஜாஸ்தி, அது கண்ணுல பட்டா ஒரே வரியில அடிச்சுக் குடுத்துரும்னாரு. பெறவு என்ன நெனச்சாரோ, அப்படியே குடுத்துட்டாரு.”

அவர் கொஞ்சம் நின்றார். காலால் மண்ணைக் கிளறினார்.

“நீ இருக்கற நெலமையில கேக்கக் கூடாது. பெறகு எப்பவாவது, உனக்குத் தோதுப்பட்டா, நானும் ஒரு காயிதம்… அவசரமில்ல.”

அவள் நின்றாள். “என்ன வேணும் மாமா?”

“அதான் சொன்னேனே, ஒரு காயிதம்…”

“காயிதம் நான் எழுதறேன். உங்களுக்கு என்ன வேணும்?”

அவர் வலது கையுறையைக் கழற்றிக் காட்டினார். மூன்று விரல்களின் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. “இதுல உணர்ச்சி இல்ல. ஆறு மாசமாச்சு. டாக்டரு குளிர் ஆகாதுங்கறாரு.”

கூண்டுக்குள் போனாள். அந்த நாற்காலியில் அவளால் உட்கார முடியவில்லை. நின்றபடியே எழுதினாள்.

‘என்னை இன்று முதல் ஐஸ் ரூமிலிருந்து கேட் வேலைக்கு மாற்றித் தாருங்கள். வலது கையில் மூன்று விரல்கள் குளிரால் மரத்துவிட்டன. குளிரில் வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்று மாலைக்குள் பதில் வேண்டும்.’

தொப்பி எழுத்துக் கூட்டிப் படித்தார். “மொதல்ல ஐயா கும்புடறேன்னு ஒரு வார்த்த போடேன்.”

“கடைசியில போடறேன். ‘நன்றி’ன்னு. அது போதும்.”

“சண்டைக்கு நிக்கற மாதிரி இருக்கேம்மா.”

“இல்ல மாமா. உசுரோட நிக்கற மாதிரி இருக்கு.”

அவரே போனார். அவள் கேட்டிலேயே காத்திருந்தாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். சொல்லும்போது அவருக்குச் சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது. நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டுக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. அம்மா உள்ளறையில் கட்டிலின் ஓரத்தில், பாதி இடத்தை விட்டுவிட்டுப் படுத்திருந்தாள். சுருக்கு மேசை முன்னால் உட்கார்ந்து அப்பாவின் கடிதத்தை விரித்தாள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் அலுவலகச் சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். கேட்பவர் யார். என்ன வேண்டும். ஏன். மூன்றையும் தடங்கலில்லாமல் எழுதினாள். ‘எதற்குள்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. “அங்க வெக்கையா இருக்குமேடி. இந்த ரூம்ல ஃபேன் காத்து நல்லா வருது.”

“எனக்கு வேர்க்கலம்மா” என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள். பேனாவை மூடினாள். உள்ளே போய், அப்பா படுக்கும் பக்கத்தில், அம்மாவின் முதுகை ஒட்டிப் படுத்தாள்.