சோம்பலை உதைத்து எழு

தம்பி பாட்காஸ்ட் தொடங்கினான். 'சோம்பலை உதைத்து எழு' என்று பெயர். குடும்பத்தில் எல்லோருடைய போனையும் பிடுங்கி, பாட்டு கேட்கும் ஆப்பில் தானே ஃபாலோ அழுத்தி, புது எபிசோடு வந்தால் தானாக டவுன்லோடு ஆகும்படி வைத்தான். பிறகு டவுன்லோடு கணக்கைப் பார்த்து, ஊரே தன் பேச்சைக் கேட்கிறது என்று பூரித்தான்.

ஒருநாள் மதியம் அக்காவின் பியூட்டி பார்லருக்கு வந்தான்.

"கடைசியில நான் அழுதேனே, அந்த இடம் எப்படிக்கா இருந்துச்சு?"

"கடைசி வரைக்கும் யாருடா போனா? சாப்பிட்டதும் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஸ்லீப் டைமர் வச்சிட்டுப் படுப்பேன். அது நிறுத்துறதுக்குள்ள எனக்குக் குறட்டை வந்துடும். வேகத்தையும் குறைச்சு வச்சிருக்கேன். அப்பதான் உன் குரல் நல்லாத் தாலாட்டுது."

தம்பியின் முகம் தொங்கிப்போனது. தலைக்கு டை பூசி உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் அம்மாள் ஒருவர் ஆவலாகத் திரும்பினார்.

"அது என்ன நிகழ்ச்சி தம்பி? எனக்குக் கண்ணுல பொட்டுத் தூக்கம் இல்லப்பா."

ரோஷமா, ரசிகையா என்று அவன் ஒரு கணம் தடுமாறினான். பிறகு அவர் போனை வாங்கி, ஃபாலோ, ஆட்டோ டவுன்லோடு எல்லாம் போட்டு, வேகத்தையும் தன் கையாலேயே குறைத்துக் கொடுத்தான்.