உள்ளிருந்து திறக்காத பூட்டு

என் அம்மாவின் தம்பி பூட்டுக்கடை வைத்திருக்கிறார். ஊரே அவரைச் சாவி மாமா என்று கூப்பிடும். வக்கீலான எனக்கு அவர் நிஜமாகவே மாமா. அதனால் பீஸ் கிடையாது. கட்சிக்காரர் பீஸ் கொடுக்காவிட்டாலும் சொல்பேச்சாவது கேட்பார் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குத் தாய்மாமன் இல்லை என்று அர்த்தம்.

வழக்கு இதுதான். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்கு மாமா புதுப் பூட்டு மாட்டினார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சாவியைத் திருகிப் பார்த்தார். பூட்டின் நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது. “அருமை” என்று அவரே அவருக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். கதவைச் சாத்திவிட்டுத் திருகிப் பார்க்கவில்லை. கதவு நிலையில் நாக்கு நுழையக் குடைந்த ஓட்டை கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுநாள் காலை உள்ளே பூட்டிக்கொண்டு உடை மாற்றிய வாத்தியார், நாக்கு அதில் சிக்கிக்கொள்ள, உள்ளேயே இருந்துவிட்டார்.

அன்று அவருக்குத் துணைத் தலைமையாசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. போனோ கூடத்தில் சார்ஜில் இருந்தது. மனுஷன் பதறிப்போய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார், கையைக் கிழித்துக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் புண் ஆறாமல் சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். தச்சர் வந்து கதவை உடைத்த சத்தத்தில் வீட்டு நாய் மிரண்டு ஓடிப்போனது. நேர்முகம் போச்சு. அதே வாரம் மகளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணமும் நின்றது.

எல்லாவற்றுக்கும் சாவி மாமாதான் காரணம் என்று வாத்தியார் வழக்குப் போட்டார். கதவில் தொடங்கிய பட்டியல் அனுமார் வால் மாதிரி நீண்டு, மண்டப முன்பணம், நகைக்குச் செய்கூலி, மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்த சீர், நாய் என்று போனது. அதில் பெரிய பங்கு கல்யாணத்துக்குத்தான். அது முழுக்க மாமா தலையில் விழுந்தால் கடையை விற்க வேண்டும். கடைக்கு மேலேதான் வீடு. அதுவும் சேர்ந்து போகும்.

“தப்பு என் மேலதானேம்மா? அப்புறம் எதுக்கு வாதம்?” என்றார் மாமா.

“தப்பு உங்க மேலதான். அதுக்காக உலகத்துல அன்னைக்கி நடந்த அத்தனையும் உங்க கணக்குல எழுதிட முடியுமா? பூட்டு மாட்டும்போது இது கெட்டா இன்னின்ன ஆகும்னு உங்க மாதிரி ஆளு நினைச்சுப் பார்க்கக்கூடியது எதுவோ, அதுக்குத்தான் நீங்க பொறுப்பு. அதுக்கு மேல எதையாவது தலையில கட்டணும்னா, அவர் முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சரி, நேர்முகம் இருக்குன்னு சொன்னாரா?”

“யாரு கண்டா? வேலை பார்க்கும்போது நான் யார் பேச்சையும் காதுல வாங்கறதில்ல.”

அவர் காதில் எதுவும் விழவில்லை, வாத்தியார் எதுவும் சொல்லவில்லை என்று பதில்மனுவில் எழுதிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வாத்தியாரின் வக்கீலுக்கு நாங்கள் வைத்த பெயர் இடி. ‘வணக்கம்’ சொன்னாலே ஜன்னல் அதிரும். தப்பான கேள்வியைக்கூடச் சத்தமாகக் கேட்டால் சரியாகிவிடும் என்பது அவருடைய சட்டஞானம். முதலில் வாத்தியாரைக் கூண்டில் ஏற்றினார். நேர்முகம் பற்றிப் பூட்டுக்காரரிடம் சொன்னதாக வாத்தியார் சாதித்தார். பிறகு மகளை ஏற்றினார். அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைக்காததால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள் என்று நிறுவுவது அவர் திட்டம். மகள் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “கல்யாணம் நின்னுடுச்சு” என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அந்தப் பதில் உறுத்தியது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்று தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்டேன்.

“நிறுத்தினது யாரும்மா?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “நான்தான்.”

வாத்தியாரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

“எப்ப நிறுத்தினீங்க?”

“அப்பா ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாருல்ல, அப்ப. பக்கத்து வீட்டுக்காரர் தச்சரைக் கூப்பிடப் போயிருந்தாரு. அம்மா ஊர்ல இல்ல. எங்க வீட்டுல நான் போனை எடுத்தாலே யாருன்னு கேட்டு அப்பா வந்து நிப்பாரு. அன்னைக்கி அவரால வர முடியாது. மாப்பிள்ளைக்கே போன் பண்ணி, எனக்கு இஷ்டம் இல்லன்னு சொல்லிட்டேன். அந்தக் கதவு திறந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன். இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும்.”

இடிக்குப் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது. நீதிபதி அம்மாவைப் பார்த்து எகிறிக் குதித்து எழுந்தார். “கேட்டுக்கிட்டீங்களா அம்மா! பூட்டு கெடலைன்னா கல்யாணம் நின்னிருக்காது! எதிர்த்தரப்பு வக்கீலே நிரூபிச்சுக் கொடுத்துட்டாங்க!”

உண்மைதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று முழங்கலாம் என்று வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். இப்போது காக்கைதான் பழத்தைத் தள்ளியது என்று சாட்சியே சொல்லிவிட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். மாமா பின்வரிசையில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வாய்தாவில் மாமா கூண்டில் ஏறினார். “கேட்டதுக்கு மட்டும் பதில். அதுவும் சின்னதா” என்று காலையில் இருந்து சொல்லியிருந்தேன். தலையைத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி அம்மா அவரிடம் எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறாள்.

“வாடிக்கையாளர் சொல்றதை நீங்க காதுலயே வாங்க மாட்டீங்களாமே?” என்றார் இடி. “எதுக்கு வாங்கணும்? ரெண்டு ஆணியை முடுக்கிட்டுப் போற ஆளுதானே!”

மாமாவின் கழுத்து நிமிர்ந்தது.

“யாரு சொன்னது? இந்தக் கையில மாட்டின ஒவ்வொரு பூட்டுக்கும் அந்த வீட்டுக் கதை எனக்குத் தெரியும். வேலைக்கு வர முடியுமான்னு கேட்கும்போதே வாத்தியார் சொல்லிட்டாரு, நாளைக்குக் காலையில நேர்முகம், இன்னைக்கே முடிச்சுக் கொடுங்கன்னு. அதனாலதான் மத்த வேலையை விட்டுட்டுப் போனேன். நீலச் சட்டை போட்டுட்டுப் போங்கன்னுகூட சொன்னேன்!”

நுணலும் தன் வாயால் கெடும். நீதிபதி அம்மா எழுதிக்கொண்டார். வாத்தியார் சொன்னது பொய் என்று நான் வைத்திருந்த வாதம் மொத்தமும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே நடந்து போனது.

இடி ருசி கண்ட பூனை ஆனார். “அப்படியா! மகள் கல்யாணத்தைப் பத்தியும் அப்பவே சொன்னாருல்ல?”

மாமா வாயைத் திறந்தார். கடை, மேலே இருக்கும் வீடு, அத்தை துணி காயப்போடும் மொட்டைமாடி, எல்லாம் அந்த வாயில்தான் இருந்தன. நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்லீங்க. கல்யாணப் பேச்சே எடுக்கல. அந்தப் பொண்ணுதான் டீ கொண்டு வந்து கொடுத்துச்சு. ஏதோ கேட்க வந்த மாதிரி நின்னுச்சு. அப்புறம் ஒண்ணும் கேட்காமலே உள்ள போயிடுச்சு.”

மூச்சு விட்டேன்.

வாதத்தின்போது நான் எதையும் மறைக்கவில்லை. மறைக்க மாமா எதையும் பாக்கி வைக்கவில்லை.

“கதவுக்கு இவர் பொறுப்பு, ஒத்துக்கறோம். மாட்டிக்கிட்டவர் வெளிய வரப் பார்ப்பார், காயம் படும். அதுவும் எதிர்பார்க்கக்கூடியதுதான். காயம் சர்க்கரை வியாதியால பெரிசாச்சு, அவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. அடிபட்டவர் உடம்பு எப்படி இருக்கோ அப்படியேதான் ஏத்துக்கணும். நேர்முகம், முன்னாடியே சொல்லியிருக்காரு, அதுவும் எங்க தலையிலதான். ஆனா நாலு பேரைக் கூப்பிட்டிருந்தாங்க, இவருக்கே கிடைச்சிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. போனது வாய்ப்பு, அதோட மதிப்பைத்தான் கேட்கலாம்.”

“கல்யாணம்?” என்றார் நீதிபதி அம்மா. “பூட்டு இல்லைன்னா நின்னிருக்காதுன்னு மகளே சொல்றாங்களே.”

“சரிதான் அம்மா. பூட்டுலதான் ஆரம்பிச்சது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஆரம்பிச்சு வச்சவன் கடைசி வரைக்கும் பொறுப்புன்னா, பூட்டு செஞ்ச கம்பெனி, இரும்பு வெட்டின ஆளு, இந்த வாத்தியாருக்குப் பொண்ணு கொடுத்த மாமனார், எல்லாரையும் கூண்டுல ஏத்தணும். பூட்டு மாட்டறவன் ஆளு உள்ள மாட்டிக்குவான்னு நினைச்சுப் பார்க்கணும். வெளிய நிக்கிற பொண்ணுக்குத் தைரியம் வரும்னு எந்தப் பூட்டுக்காரன் நினைச்சுப் பார்ப்பான்? அது அவளே எடுத்த முடிவு. அதை நஷ்டம்னு பூட்டு மேல எழுதறது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடற வேலை.”

வாத்தியாருக்குத் தலையில் முடி கொஞ்சம் கம்மி. யாரோ சிரித்தார்கள். சத்தியமாக நான் அதை யோசித்துச் சொல்லவில்லை.

தீர்ப்பில் கதவு, ஆஸ்பத்திரி, நேர்முக வாய்ப்பின் ஒரு பங்கு, இவ்வளவும் மாமா தர வேண்டும் என்று வந்தது. கல்யாணச் செலவு தள்ளுபடி. நாயும் தள்ளுபடி. மாமாவுக்கு வலிக்கிற தொகைதான். ஸ்கூட்டர் போனது. கடை தப்பியது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கோர்ட்டு வாசல் என்பதால் இருமி மறைத்தேன்.

மாமாவுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. “சட்டம் அங்க நிறுத்திக்குது. சரி. அந்தப் பொண்ணு அப்பா வீட்டுல என்ன பாடு படுதோ? அதுக்கு யாரு பொறுப்பு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கோர்ட்டில் யாரும் கேட்பதில்லை.

சில மாதம் கழித்து நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவளே வந்தாள். வேலை கிடைத்திருக்கிறதாம், தனியாக ஒரு அறை எடுத்திருக்கிறாளாம். அப்பா இன்னும் பேசுவதில்லையாம். நாய் மட்டும் திரும்பி வந்து அவளோடு இருக்கிறதாம்.

“என் ரூமுக்கு ஒரு பூட்டு வேணும் மாமா. அன்னைக்கி டீ கொடுத்தப்பவே கேட்க நினைச்சேன், என் ரூமுக்கும் ஒண்ணு போட முடியுமான்னு. அப்பா நின்னுட்டிருந்தாரு.”

மாமா பெட்டியைத் தூக்கினார். கூடவே நானும் போனேன். மாட்டினார். திறந்து வைத்துத் திருகினார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பூட்டினார், திறந்தார், பூட்டினார், திறந்தார். வெளியே நின்ற எங்களுக்கு அலுத்துப் போயிற்று. கடைசியில் வெளியே வந்து சாவியை அவள் கையில் வைத்தார்.

“நாளைக்கு உனக்கு ஏதாவது முக்கியமான வேலை இருக்காம்மா?”

அவள் வாயைத் திறந்தாள்.

“சொல்லாதே!” என்று நான் கத்தினேன். “தயவு செஞ்சு இவர்கிட்ட எதையும் சொல்லாதே!”

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திறக்கிற சத்தமும் கேட்டது. அதற்கு அப்புறம்தான் மாமா படியிறங்கினார்.