பூட்டிய வீட்டின் வாசலில் செருப்புகள்

"வீடு பூட்டியிருந்துச்சுன்னு டெலிவரி பையன் போட்டிருக்கானே மேடம். அப்புறம் எக்ஸ்பிரஸ் பணத்தை எப்படித் திருப்பித் தர்றது?" என்றார் மந்தைவெளி கூரியர் ஆபீஸில் இருந்த சுயம்புலிங்கம்.

அஸ்மத்துன்னிசாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. நேற்று ஆம்பூரில் தம்பி மகன் ஃபராஸுக்கு முதன்முதலாக பிஸ்மில்லா ஓதவைத்து, குர்ஆன் படிப்பைத் தொடங்கிவைக்கும் நாள். நாலு வயது, நாலு மாதம், நாலு நாள் நிறையும் அன்றுதான் அதை வைப்பார்கள்; தள்ளிப்போட முடியாது. பகல் பன்னிரண்டுக்குள் சேர்த்துவிடுவோம் என்று இவர்கள் சொன்னதை நம்பி, நூற்றைம்பது ரூபாய் கூடுதலாகக் கட்டி அவன் போட்டுக்கொள்ள ஷெர்வானி அனுப்பியிருந்தாள். போய்ச் சேர்ந்ததோ மாலை நாலு மணிக்கு.

"பதினொன்னு இருபதுக்குப் பூட்டியிருந்துச்சுன்னுதானே போட்டிருக்கு? அதே நேரத்துல தம்பி வீட்டு வாசல்ல எடுத்து அனுப்பின போட்டோ, பாருங்க" என்று செல்போனை நீட்டினாள்.

விரியத் திறந்த வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பாவது கிடந்தது. நேரத்தைச் சரிபார்த்த சுயம்புலிங்கம், சிரிப்பை அடக்கிக்கொண்டு புகார்ப் படிவத்தைத் திறந்தார்.

"பார்சல் சேர்ந்துட்டதால சாதாரணக் கட்டணம் கிடைக்காது மேடம். எக்ஸ்பிரஸுக்குக் கட்டினது ஒரு வாரத்துல உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துடும். லேட்டானதால என்ன பாதிப்புன்னு எழுதணும், சொல்லுங்க."

திட்டித் தீர்க்க வாயைத் திறந்தவள், தம்பி போனில் சொன்னது நினைவுக்கு வர, சிரித்துவிட்டாள்.

"ஷெர்வானி வந்ததும் ஃபராஸ் அதை மாட்டிக்கிட்டு, முதல்லேருந்து இன்னொரு தடவை ஓதுவேன்னு அடம்பிடிச்சானாம். வந்தவங்க எல்லாரும் மறுபடி உக்காந்து கேட்டாங்களாம். பாதிப்புன்னு ஒண்ணும் இல்ல சார். ஆனா அந்த நூத்தம்பது ரூபா எனக்கு வந்தாகணும்!"