இருநூற்றுத் தொண்ணூறு

போர்ட் பிளேருக்குக் கிழக்கே கடலில் கிடந்த அந்தப் படகில் இரண்டு பேர் இருந்தார்கள். படகின் சொந்தக்காரர் அல்போன்ஸ்; அவர் தங்கையின் கணவன் கிளமெண்ட். இருவருக்கும் வீடு போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில். விடிகிற நேரத்தில் புரொப்பெல்லர் தண்டு முறிந்துபோனது. நங்கூரம் எட்டாத ஆழம். வடகிழக்குக் காற்று படகை மெல்லத் தள்ளிக்கொண்டே போனது.

காலையிலேயே அல்போன்ஸ் வயர்லெஸ்ஸில் கரையைக் கூப்பிட்டிருந்தார். ஜி.பி.எஸ்ஸில் இருந்த நீண்ட எண்களைப் படித்தபோது பாதி இரைச்சலில் போயிற்று. கரையிலிருந்தவர் பொறுமையிழந்து, போர்ட் பிளேரிலிருந்து எந்தத் திசை, எத்தனை மைல் என்று மட்டும் சொல்லச் சொன்னார். திரையில் இருந்ததை அல்போன்ஸ் படித்தார்: திசை இருநூற்றுத் தொண்ணூறு டிகிரி, தூரம் இருபத்திரண்டு கடல் மைல்.

"தீக் ஹை, போட் ஆ ரஹா ஹை" என்றது குரல். சரி, படகு வருகிறதாம்.

அதன்பிறகு வெயில்தான். கிளமெண்ட் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் படுத்தான். ஐஸ் உருகி மீன் வாடை அடிக்கத் தொடங்கியது. குடிதண்ணீரை ஆளுக்கொரு வாயாகக் குடித்தார்கள்.

மதியத்துக்குமேல் வயர்லெஸ்ஸில் அதே குரல் கேட்டது. தேடப் போன படகோடு பேசிக்கொண்டிருந்தது. மேற்குக் கரைக்கு அப்பால் ஒன்றும் தென்படவில்லையா, இன்னும் வடக்கே பாருங்கள் என்றது.

அல்போன்ஸ் எழுந்து உட்கார்ந்தார். "மேக்கயா? மேக்க எதுக்குல தேடுதான்?"

ஜி.பி.எஸ்ஸை எடுத்துப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. தினமும் வீடு திரும்ப அவர் பார்க்கிற எண்ணைத்தான் காலையில் சொல்லியிருந்தார். படகிலிருந்து துறைமுகத்துக்குப் போகவேண்டிய திசை. அவர்கள் கேட்டதோ துறைமுகத்திலிருந்து படகு கிடக்கும் திசை. ஒன்றுக்கொன்று நேரெதிர். நூற்றெண்பதைக் கழித்து நூற்றுப் பத்து என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தமானுக்கு மேற்கேயும் போட்டுகள் மீன் பிடிப்பதால் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"மாப்ள, நான் தலைகீழா சொல்லிட்டேன்."

கிளமெண்ட் அவரையே பார்த்தான். திட்டுவதற்கு வாயைத் திறந்தான். பிறகு, "இப்ப சொல்லுங்க மச்சான்" என்றான்.

மூன்று முறை கூப்பிட்டார்கள். கரைக்கு எட்டவில்லை. என்ஜின் ஓடாததால் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. கேட்க மட்டும் போதுமாயிருந்தது, பேசினால் வயர்லெஸ்ஸின் விளக்கு மங்கியது. அல்போன்ஸ் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "தங்கச்சிக்கு என்ன பதில் சொல்லுவேன்னு இருக்கு" என்று முனகினார். யாரிடமென்று இல்லாமல்.

பொழுது சாயும்போது புதிய குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது. நிக்கோபாரிலிருந்து வரும் கப்பல் துறைமுகத்துக்குத் தன் நிலையைச் சொன்னது: போர்ட் பிளேரிலிருந்து நூற்று அறுபத்தைந்து டிகிரி, பதினெட்டு மைல்.

கிளமெண்ட் சட்டென்று எழுந்தான். "நமக்கு இப்ப என்ன காட்டுது?"

"முன்னூத்தி எட்டு. இருபது மைலு. காத்து நம்மளத் தெக்க தள்ளிட்டு."

"நூத்தி எம்பதக் கழிங்க."

"நூத்தி இருபத்தெட்டு." இன்னொரு முறை விரல்விட்டுக் கழித்துப் பார்த்தார். அதேதான்.

"அப்ப கப்பல் நமக்குத் தென்மேக்க, பன்னெண்டு மைலு இருக்கும். கரையவிடக் கிட்டத்துல. கூப்பிடுங்க."

அல்போன்ஸ் இந்தியில் கூப்பிட்டார். பதில் வந்தது. அவர் இந்தியைக் கேட்டவர், "தமிழா? நான் நந்தகுமார், செகண்ட் ஆபீசர். எங்க இருக்கீங்க?" என்றார்.

"போர்ட் பிளேர்லருந்து எங்க போட்டுக்கு நூத்தி இருபத்தெட்டு சார். இருபது மைலு."

"போர்ட் பிளேர்லருந்து உங்களுக்கா, உங்ககிட்டருந்து போர்ட் பிளேருக்கா?"

"அங்கருந்து எங்களுக்கு. காலைல மாத்திச் சொல்லிட்டேன் சார். அவங்க மேக்க தேடுதாங்க."

"புரியுது. போர்ட் பிளேர்லருந்து ஒன் டூ எய்ட், ட்வென்ட்டி மைல்ஸ். நான் கரைக்குச் சொல்றேன், கப்பலையும் திருப்பச் சொல்றேன்."

பேட்டரி அத்தோடு செத்தது.

இருட்டுவதற்குள் கப்பல் வந்துவிட்டது. மேல்தளத்தில் பயணிகள் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். கரையிலிருந்து இழுவைப் படகு வரும்வரை கப்பல் பக்கத்திலேயே நின்றது. கயிற்றில் இறக்கிய சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே கிளமெண்ட் தூங்கிப்போனான்.

போர்ட் பிளேரின் ஜங்கிலிகாட் ஜெட்டியில் இறங்கியபோது, மேற்கே போயிருந்த தேடுபடகும் திரும்பியிருந்தது. நாள் முழுக்கக் கடலைப் பார்த்துச் சிவந்த கண்களோடு நாலு பேர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அல்போன்ஸ் தள்ளாடியபடி அவர்களிடம் போனார். கால் இன்னும் தரையில் ஊன்றவில்லை.

"தப்பு மேரா தா, பாயி. உல்ட்டா போல் தியா" என்று, தான் தலைகீழாகச் சொன்னதை ஒப்புக்கொண்டார்.

தேவேந்திரன் என்று சட்டையில் பெயர் எழுதியிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படக்கூடத் தெம்பில்லாத முகம்.

"ஜிந்தா ஹோ நா? பஸ்" என்றார், உயிரோடு வந்ததே போதும் என்பதுபோல். "ஜாவ், கர் ஜாவ்" என்று வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கயிற்றின் மறுமுனை அல்போன்ஸின் காலடியில் கிடந்தது. அவர் குனிந்து எடுத்து, அவர்களோடு சேர்ந்து சுருட்டத் தொடங்கினார்.