காலி டப்பா

ஐந்தரை மணி நேரம். காலை ஏழேகாலுக்குத் தஸ்னீம் மூடும் டப்பாவை, பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஹம்தான் திறக்க வேண்டும். கோவில்பட்டி வெயிலில், முப்பது பைகளோடு சேர்ந்து கிடக்கும் டப்பா அது.

யூகேஜியில் ஒருமுறை சாதம் ஊசிப்போய், மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதன்பிறகு அவள் எதையும் கொதிக்கக் கொதிக்கத்தான் அடைத்தாள். சூடாக இருந்தால் கெடாது என்று நம்பினாள். ஒன்றாம் வகுப்புக்கு ரப்பர் வளையம் வைத்த புது எவர்சில்வர் டப்பா வாங்கினாள். வாங்கிய அன்றே மகனிடம் கொடுத்துப் பார்த்தாள். அவன் ஒரே இழுப்பில் திறந்தான்.

எலுமிச்சை சாதம், நிலக்கடலை, அவித்த முட்டை, கேரட் பொரியல். சிறிய டப்பாவில் கொய்யாத் துண்டுகள். ஜூனிலிருந்து தினமும் இரண்டும் காலியாகவே வந்தன. மாலையில் கணவர் அப்துல் ரவூப் பள்ளியிலிருந்து மகனை பைக்கில் கூட்டி வந்ததும், டப்பாவை ஆட்டிக் காட்டுவார்.

"பாத்தியா, பருக்கை கூட இல்ல."

பக்கத்து வீட்டு சைத்தூன் பீவி அவரைப் பார்த்துச் சிரிப்பாள். "தம்பி, ஒங்க சட்டை பட்டன் தெறிச்சி எங்கண்ணுல விழுந்துராம. பொண்டாட்டி கைப்பக்குவமாக்கும்!"

அக்டோபரில் பள்ளியிலிருந்து அமுதவள்ளி டீச்சர் போன் செய்தார்.

"மெடிக்கல் செக்கப் நடந்துச்சும்மா. ஜூன்ல இருந்ததவிட ஹம்தான் ஒரு கிலோ கொறஞ்சிருக்கான். மத்தியானம் சரியா சாப்பிடுதானா?"

வளரும் பிள்ளை எப்படிக் குறையும்? தஸ்னீம் பர்தாவை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தாள். ஹம்தான் டப்பாவை மடியில் இடுக்கி மூடியை இழுத்தான். முகம் சிவந்தது. சட்டை நுனியால் பிடித்து இழுத்தான். பிறகு பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, டப்பாவைப் பைக்குள் வைத்தான். தண்ணீர் குடித்தான். கொய்யாத் துண்டுகளை மட்டும் தின்றான்.

அவள் உள்ளே போய் டப்பாவை எடுத்தாள். அவளாலும் திறக்க முடியவில்லை. கரண்டிக் காம்பை ரப்பருக்கடியில் நெம்பினாள். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாதம் குழைந்திருந்தது.

"டீச்சர்ட்ட கேக்க வேண்டியதானலே?"

"யூகேஜி பிள்ளையளுக்குத்தான் ஆயாம்மா தொறந்து குடுப்பாவ. நான் ஒண்ணாங்கிளாஸ்லா உம்மா. சிரிப்பாவ."

பாதி சாதத்தை ஊட்டினாள். மணி அடித்துவிட்டது.

"பெறகு தெனமும் எப்படிலே காலியா வருது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'புஸ்' சத்தத்தையே யோசித்தாள். சூடான காற்றும் நீராவியும் அடைபட்டுக் குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடிக்கும். டியூஷனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளே நடத்திய பாடம். காலி டப்பாவைக் கொடுத்துச் சோதித்திருக்கிறாள். சோறு இருக்கும் டப்பாவைக் கொடுத்துப் பார்க்கவில்லை.

அதே மாதிரி டப்பா இன்னும் இரண்டு வீட்டில் இருந்தன. சோறு வடித்து, ஒன்றில் கொதிக்கக் கொதிக்க அடைத்து மூடி வைத்தாள். நாலு மணி வாக்கில், எடுத்து வைத்த மிச்சச் சோற்றைச் சுடவைத்து, தட்டில் பரப்பி மின்விசிறிக்கடியில் ஆற வைத்தாள். ஆவி அடங்கியதும் மற்றதில் அடைத்தாள்.

மாலை அப்துல் ரவூப் மகனோடு வந்தார். பள்ளிக்குப் போன டப்பா காலியாக இருந்தது.

தஸ்னீம் அதை வாங்கிக் கீழே வைத்தாள். ஆற வைத்து அடைத்த டப்பாவை மகனிடம் நீட்டினாள். ஒரே இழுப்பில் திறந்தான். உதிர் உதிராகச் சோறு. இன்னொன்றை நீட்டினாள். இழுத்தான், இழுத்தான். முடியவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"எம்புள்ள நாலு மாசமா பட்டினி கெடந்திருக்கான்" என்றாள். "இன்னைக்கு நான்தான் பாதி ஊட்டுனேன். மிச்சம் எங்கங்க போச்சி?"

"தஸ்னீம், மொதநா அப்படியே திரும்பி வந்துச்சி. ஆஸ்பத்திரிக்குப் பெறகு நீ இருந்த இருப்புக்கு, அத எப்படிக் காட்டுவேன்? அதான் அவனுக்கு பேக்கரில பன்னு, பப்ஸு..."

"டப்பாவக் கேக்கேன்."

அவர் சட்டையின் கடைசிப் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பைக் சாவியால நெம்பித் தொறந்தேன். சோத்தக் கீழ கொட்ட மனசு வரல. தெனமும் நான்தான் தின்னேன்."