நூற்றுக்கு முப்பத்துநான்கு

மற்ற நிறுவனங்களுக்கு ஆள் பொறுக்கிக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் மார்க்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் அல்ல. வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுவதும், குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கு ஏன் குறைந்தது என்று நாலைந்து வரியில் குறிப்பு எழுதுவதும் அவள் வேலை. மற்ற நிறுவனங்கள் 'வருந்துகிறோம்' என்று ஒற்றை வரி அனுப்பும். பாதிப் பேர் அதுவும் அனுப்பமாட்டார்கள். இவள் எழுதினால் வாங்கியவனுக்குக் கோபம் வராது. வேலை கிடைக்காத ஒருவர் இவள் குறிப்பைப் படித்து மனம் குளிர்ந்து அலுவலகத்துக்கு இனிப்பு அனுப்பினார் என்பார்கள். இனிப்பை நான் பார்க்கவில்லை. காலி டப்பாவைப் பார்த்தேன்.

அந்த முறை வந்தது ஒரு பெரிய மருத்துவமனையின் வேலை. கொதிகலன் அறைக்கு மேற்பார்வையாளர் வேண்டும். அறுவைக் கருவிகளில் கிருமி நீக்கவும் படுக்கை விரிப்புகளை வெளுக்கவும் அங்கே இரவும் பகலும் நீராவி வேண்டியிருந்தது. மருத்துவமனையே மதிப்பெண்ணைப் பிரித்துக் கொடுத்திருந்தது: கொதிகலன் இயக்குநர் சான்றிதழுக்கு இருபத்தைந்து, நீராவிக் கொதிகலனை நேரடியாக ஓட்டிய அனுபவத்துக்கு முப்பத்தைந்து, ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருந்ததற்கு இருபத்தைந்து, பொதுவான பராமரிப்பு வேலைக்குப் பதினைந்து. அறுபது வாங்கினால் நேர்முகம்.

விண்ணப்பம் மார்க்கம்மாவின் திரைக்கு வரும்போது பெயர் இருக்காது. வயது, முகவரி, புகைப்படம், வேலை பார்த்த கம்பெனியின் பெயர் எல்லாவற்றையும் மென்பொருள் மறைத்துவிடும். வேண்டியவன், வேண்டாதவன் என்று கை சாயக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. எண் மட்டும் தெரியும்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் ஒரு பக்கத்தில் முடிந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பம்ப் ஆபரேட்டர், மோட்டார் பராமரிப்பு, குழாய் வேலை, ஜெனரேட்டர். கீழே முதல்நிலைக் கொதிகலன் சான்றிதழ். அந்தச் சான்றிதழை வைத்து எந்தக் கொதிகலனை ஓட்டினார் என்று ஒரு வரி இல்லை. கல்யாணச் சான்றிதழைக் காட்டிவிட்டு மனைவியைப் பற்றி மூச்சு விடாத மனிதரைப் போல இருந்தது அது. இருபத்தைந்து, பூஜ்யம், பூஜ்யம், ஒன்பது. மொத்தம் முப்பத்துநான்கு.

குறிப்பு எழுதினாள்.

"கொதிகலன் மேற்பார்வையாளர் பணிக்கு உங்கள் விண்ணப்பம் நூற்றுக்கு 34 பெற்றது, நேர்முகத்துக்கு 60 தேவை. உங்கள் சான்றிதழுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் நீராவிக் கொதிகலனை இயக்கிய அனுபவமோ ஷிஃப்ட் பொறுப்போ விண்ணப்பத்தில் இல்லை. இவை இரண்டுக்கும் சேர்த்து 60 மதிப்பெண். விண்ணப்பத்தில் உள்ளதை மட்டும் வைத்துப் போட்ட மதிப்பெண் இது. உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை கொதிகலனின் வகை, ஓட்டிய ஆண்டுகள், உங்கள் பொறுப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள்."

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றுவது மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதற்குச் சமம்.

"இதுதான்மா குறிப்பு. ஆசையும் காட்டல, அடிக்கவும் இல்ல. புதுசா சேர்ந்த பசங்களுக்கு இதையே மாதிரியா காட்டுங்க."

குறிப்பு போனது. அதே சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனாள்.

வீடு என்றால் மாடி அவளுடையது, கீழே அவள் அண்ணன் குடும்பம். அண்ணன் ஒரு சாயத் தொழிற்சாலையின் கொதிகலன் அறையில் பதினான்கு வருடம் இருந்தவர், அதில் கடைசி ஆறு வருடம் ஷிஃப்ட் பொறுப்பு. அவர் இருமினால் அழுத்தமானியின் முள் மரியாதைக்கு இரண்டு கோடு இறங்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். தொழிற்சாலையை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பம்ப் ஆபரேட்டர். இப்போது இரண்டாவதிலும் தானாக ஓடும் பம்ப் வந்துவிட்டது. மாதம் முடிந்ததும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரசாயனத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் காண்ட்ராக்டர் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கு எப்போதும் ஆள் தேவைப்பட்டது. போன ஆள் ஏன் திரும்பி வரவில்லை என்று யாரும் அவனைக் கேட்பதில்லை.

அவள் உள்ளே நுழைந்தபோது அண்ணன் கைப்பேசியை எட்டத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வா வா, ஆபீசரம்மா. உங்க ஆளுங்க எனக்கு மார்க் போட்டிருக்காங்க பாரு."

"எங்க ஆளுங்களா? எதுக்குண்ணா?"

"ஆஸ்பத்திரி பாய்லர் வேலை. உன்கிட்ட சொல்லாமத்தான் போட்டேன். தங்கச்சி சிபாரிசுல உள்ள போனான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக்கூடாதுல்ல?"

"ரோஷக்காரர்," என்றாள் அண்ணி. "சோத்துக்கு ரோஷம்தான் தொட்டுக்கணும் இனிமே."

"சும்மா இருடி. கேளு குட்டி, எவனோ நல்லாத்தான் எழுதியிருக்கான். 'உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல'ங்கிறான். எவ்ளோ மரியாதை பாரு! அப்புறம் சொல்றான், நான் பாய்லர் ஓட்டினதே இல்லையாம்."

மார்க்கம்மா பையைக் கீழே வைக்கவில்லை.

"நீ எந்த ரெஸ்யூமேண்ணா போட்ட?"

"எது போடுவேன்? நீ அடிச்சுக் குடுத்ததுதான். அதுதான் வேலைக்குப் போடற இணையதளத்துல ஏற்கெனவே இருக்கே. பட்டனை அமுக்கினேன், போயிடுச்சு."

அது அவள் அடித்துக் கொடுத்ததுதான். அந்த இரண்டாவது பம்ப் வேலைக்காக. தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் அடித்துக் கொடுப்பாள்; எல்லோருக்கும் ஒரே அச்சு, ஒரே வரிசை; சான்றிதழோ அந்த வேலைக்குப் போட்ட எல்லோரிடமும் இருந்தது. அதனால்தான் திரையில் பார்த்தபோது முகம் தெரியவில்லை. அன்றைக்கு அண்ணன் பாய்லர், பாய்லர் என்று சொல்லச் சொல்ல அவள் அழித்துக்கொண்டே வந்தாள். பத்து வருடத்துக்கு முந்தியதை எழுதினால் வயசு தெரிந்துவிடும், வயசு தெரிந்தால் எடுத்த எடுப்பிலேயே ஓரம் கட்டிவிடுவார்கள், ஒரு பக்கத்துக்கு மேல் எவனும் படிக்கமாட்டான் என்றாள். தொழில் தெரிந்தவள் சொன்னாள் என்று அவரும் தலையாட்டினார். சான்றிதழை மட்டும் விடமாட்டேன் என்று அடம்பிடித்து வைத்துக்கொண்டார்.

"அண்ணா, அத நான்தான் எழுதினேன்."

"ரெஸ்யூமே நீதான் எழுதினன்னு தெரியுமே."

"அந்தக் குறிப்பையும் நான்தான் எழுதினேன். பேரு தெரியாதுண்ணா. நம்பர் மட்டும்தான் வரும்."

அண்ணியின் கை துணியில் நின்றது. அண்ணன் மறுபடி ஒருமுறை கைப்பேசியைப் படித்தார். இந்த முறை உதடு அசையாமல்.

"சரியாத்தான் எழுதியிருக்க," என்றார்.

அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

காலையில் மேலாளரின் அறைக்கதவு திறப்பதற்கு முன்பே அவள் அங்கே நின்றாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மேலாளர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"சொந்தக்காரர்னு தெரிஞ்சதும் சொன்னீங்க, அது சரி. வேற ஒருத்தர் திரும்ப மார்க் போடுவாரு. நீங்க அந்தப் பக்கமே போகக்கூடாது."

"அதே ரெஸ்யூமேவ வெச்சா சார்?"

"வேற எத வெச்சு?"

"பதினாலு வருஷம் ஓட்டியிருக்காரு சார். நிரூபிக்க அனுபவச் சான்றிதழ் இருக்கு. ஒரே ஒரு வரி சேர்த்துக்க விடுங்க."

"கடைசித் தேதி போயிடுச்சேம்மா. உங்க அண்ணனுக்கு ஒரு வரி சேர்த்தா, அறுபதுக்குக் கீழ வாங்கின எல்லாரையும் கூப்பிட்டு 'எதையாவது விட்டுட்டீங்களா'ன்னு கேக்கணும். அவங்க வீட்லயும் யாரோ ஒருத்தர் வெட்டச் சொல்லியிருப்பாங்க."

"அப்படி எல்லாரையும் கேக்கலாமே சார்?"

"கேக்கலாம். ஆஸ்பத்திரிக்கு நேர்முகப் பட்டியல் நேத்தே போயிடுச்சு. கொதிகலன் நமக்காகக் காத்திருக்காது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தப்பாக எதையாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டை போடுவதில் அவள் சளைத்தவள் அல்ல.

மறு மதிப்பீட்டை அடுத்த மேசைக்காரர் செய்தார். நேர்மையான மனிதர். பராமரிப்புக்கு ஒன்பது அதிகம் என்று பட்டதால் எட்டு போட்டார். முப்பத்துமூன்று. குறிப்பில் மதிப்பெண்ணை மாற்றியதோடு சரி, மற்ற வரிகளை அவர் தொடவில்லை. இதைவிட நன்றாக எழுத முடியாது என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். மதியத்துக்கு மேல் புதுப் பசங்கள் மூன்று பேரை உட்காரவைத்து மேலாளர் அதைத்தான் திரையில் போட்டுக் காட்டினார். விண்ணப்ப எண்ணை மட்டும் அழித்திருந்தார்.

மாதம் முடிந்தது. அண்ணன் காண்ட்ராக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டார். வேன் வரும் காலையில் மார்க்கம்மா மடிக்கணினியோடு கீழே இறங்கி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, புதுசா எழுதிடலாம். எல்லாத்தையும் போடறேன். ரெண்டு பக்கம் ஆனாலும் பரவாயில்ல. பாய்லர் என்ன வகை?"

அண்ணன் ரப்பர் பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தார். அது அவர் காலுக்கு ஒரு அளவு சின்னது.

"நெருப்புக்குழாய் பாய்லர். மூணு டன். அழுத்தம் பத்தரை. அத நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"ஷிஃப்ட்ல எத்தன பேரு?"

"என்னோட சேத்து நாலு." பூட்ஸைத் தரையில் தட்டினார். "ஆஸ்பத்திரியில யாரை எடுத்தாங்க?"

"ஒருத்தர எடுத்துட்டாங்க. இப்பதான் முப்பத்தொரு வயசாம்."

அண்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப அவன் ரிட்டயர் ஆகறப்ப நான் போடறேன். அதுவரைக்கும் இத பத்திரமா வெச்சிரு."

அண்ணி சிரிக்கவில்லை. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து இரண்டு அடி நடந்து பார்த்தார், பூட்ஸ் கிறீச்சிட்டது.

"தொட்டிக்குள்ள இறங்கறப்ப வாயு ஏறாம முகத்துக்கு என்ன குடுப்பாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள் அண்ணி.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"துணி குடுப்பாங்களாம்," என்றார் அண்ணன். "நனைச்சுக் குடுப்பாங்களாம்."